கடோற்கசன் எலும்பு



பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வேலூர்ப் பக்கமும் சேலத்துப் பக்கமும் விட்டு வந்த சுற்றத்தோடு உறவு அறுந்துவிடாமல் இன்று காத்து வருவது பெரும்பாலும் கைபேசியிலுள்ள குடும்பக் குழுதான். கல்யாணம், கருமாதி, பிள்ளைகளின் தேர்வு முடிவு எல்லாம் அதிலேதான் வருகின்றன. அற்புதங்களும் அதிலேயே வருகின்றன. அப்படி வந்த ஓர் அற்புதத்தை ஒரு தாத்தாவும் பேரனும் ஆராய்ந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். மனிதர்கள் கற்பனை, படம் மட்டும் கற்பனையன்று. அது இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகைச் சுற்றி வருகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும்.

தாத்தா ஓய்வு பெற்ற தச்சர். குடியாத்தத்திலிருக்கும் அவருடைய அக்காள் ஒரு படத்தை அனுப்பிக் கூடவே ஒரு கட்டளையும் இட்டிருந்தார்: “தம்பி, இதைப் பெரிதாக அச்சிட்டு, நல்ல தேக்கில் சட்டம் போட்டு அனுப்பு. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கிற இடத்தில் மாட்ட வேண்டும்.”

படத்தில் ஒரு பெரிய குழி. குழியின் நடுவே பிரம்மாண்டமான மனித எலும்புக் கூடு. மண்டையோட்டின் அருகே ஏதோ கருவியைப் பிடித்தபடி ஓர் ஆள், எறும்பைப் போல. கீழே இருந்த செய்தி, வட இந்தியாவின் பாலைவனத்தில் இராணுவத்தின் துணையுடன் நேஷனல் ஜியாகிரபிக் குழுவினர் கண்டெடுத்த கடோற்கசனின் எலும்புக் கூடு இது என்றும், அரசாங்கம் இதை மறைத்து வைத்திருக்கிறது என்றும் கூறியது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன், “பொய் என்று குழுவில் எழுதிவிடட்டுமா, தாத்தா?” என்றான்.

“எப்படிப் பொய் என்று உனக்குத் தெரியும்?” என்றார் தாத்தா.

பையனிடம் பதிலில்லை. நம்புகிறவரிடம் எப்படிச் சான்றில்லையோ அப்படியே நம்பாதவரிடமும் சான்றில்லாமல் போவது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் செய்தியைத்தான் இருவரும் படித்தார்கள். ‘எம்டி குவார்ட்டர்’ என்னும் பாலைப் பகுதியில் கிடைத்ததாக அதில் ஒரு வரி இருந்தது. பையன் பள்ளி நிலப்படப் புத்தகத்தைப் புரட்டினான். அந்தப் பெயருடைய பாலை அரபு நாட்டில் இருக்கிறது. அரபியில் ருப் அல் காலி என்பார்கள். வட இந்தியாவில் அப்படி ஓர் இடமே இல்லை. அரபு நாட்டுக் கதை ஒன்றை யாரோ இந்தியாவுக்கு இடம் மாற்றியபோது இந்தப் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள் என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று.

பிறகு படம். பையன் விரலால் பெரிதாக்கினான். நிழல்கள் ஒரே திசையில் விழவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. தாத்தா அதை ஏற்கவில்லை. மப்பும் மந்தாரமுமான நாளில் நிழல் தெளிவாக விழாது. படம் கை மாறக் கை மாறச் சுருங்கி மங்கியும் போயிருக்கும். ஏமாற்ற நினைப்பவன் நிழலையும் தானே தீட்டிவிடுவான். ஆகவே நிழலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார். சரியான எச்சரிக்கை என்றே நமக்கும் தோன்றுகிறது.

ஆனால் ஐம்பது ஆண்டு கருவி பிடித்த கண் வேறொன்றைக் கண்டுபிடித்தது. “அந்த ஆள் கையில் என்ன வைத்திருக்கிறான்?” என்றார். “ஷவல், தாத்தா. மஞ்சள் காம்பு.” “காம்பு இருக்கிறது. தகடு எங்கே?”

தகடு இல்லை! மண் தோண்டுகிறவன் வெறுங்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது தச்சுக் கணக்கு. “ஒரு முக்காலியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காகச் செய்தால் எடை எத்தனை மடங்காகும்?” என்று கேட்டார் தாத்தா. பையன் கணக்கிட்டு, எட்டு மடங்கு என்றான். காலின் குறுக்கு வெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான். அப்படியானால் காலின் ஒவ்வோர் அங்குலமும் முன்னைப்போல் இரண்டு மடங்கு சுமை தாங்க வேண்டும். பத்து மடங்காகப் பெருக்கினால் எடை ஆயிரம் மடங்கு. கால் பரப்பு நூறு மடங்கு. ஒவ்வோர் அங்குலத்தின் மேலும் பத்து மடங்கு சுமை. அதனால்தான் பெரிய மண்டபத்துத் தூணைச் சிறிய திண்ணைத் தூணின் வடிவத்திலேயே எவரும் எழுப்புவதில்லை, பருமனைக் கூட்டுகிறார்கள்.

எலும்புக்கும் இதே விதிதான். இதை 1638-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் கலிலியோ எழுதினார். 1926-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் உயிரியலாளர் ராட்சதர்களையே உதாரணமாக வைத்து விளக்கினார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் காலமானவர் அவர். மனிதனின் தொடை எலும்பு அவன் எடையைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு சுமையில் ஒடிந்துவிடும். ஆகையால் பத்து மடங்கு ராட்சதன் ஓரடி வைத்தாலே தொடை முறியும் என்றார். அவ்வளவு பெரிய உடல் நிற்க வேண்டுமானால் கால் எலும்பு யானைக் காலைப்போல் தடித்திருக்க வேண்டும். படத்திலிருந்த கூடோ நம் கூட்டையே அப்படியே ஊதிப் பெருக்கியது போல மெலிந்து நீண்டிருந்தது.

கடைசியாகத்தான் பையன் படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் வசதியைத் திறந்தான். வரலாறு முழுவதும் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹைடு பார்க் என்னும் ஊரில், மாஸ்டோடான் என்ற பண்டைய யானையினத்தின் எலும்புகளைத் தோண்டியெடுத்தார்கள். மேலிருந்து எடுத்த அந்தக் காட்சிப் படத்தின் மேல், கனடாவைச் சேர்ந்த ஓவியக் கலைஞர் ஒருவர் 2002-இல் மனித எலும்புக் கூட்டை ஒட்டவைத்தார். யாரையும் ஏமாற்றுவதற்காக அன்று. பொய்த் தொல்லியல் காட்சிகளை உருவாக்கும் இணையப் போட்டி ஒன்றுக்காக. ஷவலின் தகடு மண்டையோட்டின் மேல் ஏறிப் போலித்தனத்தைக் காட்டியதால் அதை அழித்துவிட்டதாக அவரே பின்னர் நேஷனல் ஜியாகிரபிக் செய்திப் பிரிவிடம் சொன்னார். 2007 டிசம்பரில் அந்நிறுவனமே இந்தப் படம் போலியென்று செய்தி வெளியிட்டது. அதற்கு முன் 2007 மார்ச்சில் மும்பை மாத இதழ் ஒன்று இதை உண்மையென்று அச்சிட்டிருந்தது. பிறகு திருத்தமும் வெளியிட்டது.

தாத்தாவுக்கு வியப்பளித்தது இன்னொன்று. 2004-இல் வங்காளதேசச் செய்தித்தாள் ஒன்றில் இதே கூடு, குர்ஆனில் வரும் ஆது மக்களின் எலும்பாக வந்திருந்தது. “ஒரே எலும்பு, இரண்டு வேதத்துக்கும் சாட்சியா?” என்று சிரித்தார்.

இனி அக்காளுக்கு என்ன எழுதுவது? எல்லோரும் பார்க்கும் குழுவில் எழுதினால் எழுபத்தெட்டு வயதுக்காரி தலைகுனிய நேரும். தாத்தா தொலைபேசியில் தனியே அழைத்தார். ஷவலின் கதையைச் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

“அப்படியானால் கடோற்கசனே பொய்யா?” என்றார் அக்காள்.

“அக்கா, சின்ன வயதில் நாம் விடிய விடியக் கூத்துப் பார்த்தோமே, கடோற்கசன் விழுந்தபோது நீ அழுதாயே, அன்றைக்கு யாராவது எலும்பைக் காட்டினார்களா?”

அக்காள் சிரித்தாரா, கோபித்தாரா என்று பேரனுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே குழுவில், “நான் அனுப்பிய எலும்புப் படம் மெய்யல்ல, யாரும் மேலே அனுப்ப வேண்டாம்” என்று அத்தைப் பாட்டியின் பெயரிலேயே ஒரு வரி வந்தது. அதன் கீழே, கூத்தில் கடோற்கசன் வேடம் கட்டிய ஒருவரின் பழைய நிழற்படம், ஓரம் கிழிந்தது. “இதற்குச் சட்டம் போட என்ன அளவு வேண்டும்?” என்று கேட்டிருந்தார்.

தாத்தா அளவு நாடாவைத் தேடி எழுந்தார்.