மூன்று பேர் எழுதினாலும் ஒரே குரல்

(யாழ்ப்பாணத்தில், கூட்டுறவுச் சங்கங்களின் முகநூல் பதிவுகளை எழுதும் பணியாளர்களுக்கு நடந்த செயலமர்வில், நமது அமைப்பாளரும் தோட்டப் பாடசாலை ஆசிரியருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கும் ஒரு சங்கத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் மூன்று பேர் எழுதுகிறார்கள். கணக்காளர் எழுதினால், "எமது உற்பத்திகளை நுகர்வோர் பெற்றுக்கொள்ளலாம் என அறியத்தருகின்றோம்." விற்பனைப் பகுதியில் இருக்கும் தங்கச்சி எழுதினால், "பனங்கட்டி வந்திட்டுது, ஓடி வாங்கோ!" மூன்றாமவர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்த்துப் பழகியவர். அவர் கருப்பட்டி என்றும் ரூபாய் என்றும் எழுதுகிறார். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றிலும் பிழை இல்லை. கொழும்பிலோ கனடாவிலோ இருந்து வாசிப்பவருக்கு மட்டும் இது மூன்று கடை. பனங்கட்டி என்று தேடினால் கருப்பட்டிப் பதிவு அவர் கண்ணில் படாமலே போகும்.

இதைச் சரிசெய்யத்தான் ஒரு பக்க வழிகாட்டி. பலர் அதில் முதலில் எழுதுவது, "நட்பாகவும் எளிமையாகவும் எழுதவும்" என்பதைத்தான். அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள், தான் எழுதியது நட்பானதுதான் என்பார்.

மின்னஞ்சல் மடல் அனுப்பும் சேவையை நடத்தும் அமெரிக்க நிறுவனமான மெயில்சிம்ப், தன் பணியாளருக்காக எழுதிய வழிகாட்டியை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்தது. அதில் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு வேலி போட்டிருந்தார்கள்: வேடிக்கையாக இருக்கலாம், அசட்டுத்தனம் கூடாது என்பதுபோல. இன்னொன்றையும் பிரித்துச் சொன்னார்கள். குரல் வேறு, தொனி வேறு. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் நாம் ஒரே ஆள்தான். பேசும் விதம்தான் மாறுகிறது.

சரி, நம் பக்கத்தை எழுதுவோம். தலையில் ஒரே வசனம்: "சங்கக் கடையில் நிற்கும் ஒருவர், தெரிந்த வாடிக்கையாளரோடு மரியாதையாகப் பேசுகிறார்." இதிலேயே பாதி முடிவாகிவிடும். கடையில் நிற்பவர் யாரையும் "நுகர்வோர்" என்று கூப்பிடமாட்டார். ஆகவே "நீங்கள்", "எங்கள்".

அடுத்தது, ஆங்கில வழிகாட்டிகளில் இல்லாத சிக்கல்: எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? வினைச்சொல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பொருளின் பெயர் ஊர்ப்பெயராக இருக்கட்டும் என்பது என் கட்சி. "வந்திட்டுது" கேட்க இனிமைதான். ஆனால் பேச்சுத் தமிழை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவோம். ஒரே குரல் அங்கேயே உடைந்துவிடும். ஆகவே "வந்துவிட்டது". பெயர் மட்டும் பனங்கட்டி, பணம் ரூபா.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் யாரும் பார்க்கமாட்டார்கள். சொற்களை யோசித்து எழுதாதீர்கள். கடைசி முப்பது பதிவுகளை அச்சிட்டு, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வரும் இடங்களில் கோடு போடுங்கள். எதை வைத்துக்கொள்வது என்பதை வாசிப்பவரின் வாய்ச்சொல் தீர்மானிக்கட்டும். எங்கள் தோட்டங்களில் "அரைநாள் வேதனம்" என்று எழுதினால் ஒருமுறை யோசிப்பார்கள். "அரைப்பேர்" என்றால் உடனே கோபம் வரும்.

மீதிப் பக்கத்தை மாதிரிகளுக்கு விடுங்கள். புதுச் சரக்கு வந்தது, சரக்கு தீர்ந்தது, முறைப்பாடு வந்தது என்று மூன்று போதும். முறைப்பாடுதான் கஷ்டமானது. பனங்கட்டி இளகி வந்தது என்று ஒருவர் எழுதுகிறார். கணக்காளர், "தங்கள் முறைப்பாடு கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது" என்பார். தங்கச்சி, "ஐயோ சொறி அண்ணா" என்று போட்டு, கைகூப்பும் படமும் வைப்பார். பக்கத்தில் இருக்கவேண்டிய மாதிரி இது:

"பனங்கட்டி இளகி வந்ததற்கு வருந்துகிறோம். பொதியின் படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். வேறு பனங்கட்டி அனுப்புவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்று நாளை மாலைக்குள் சொல்கிறோம்."

என்ன நடந்தது, அவர் என்ன செய்யவேண்டும், நாம் எப்போது என்ன செய்வோம் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. புதுச் சரக்குப் பதிவில் ஒரு சிரித்த முகம் போடலாம், இங்கே கூடாது. தொனி மாறுவது என்பது இதுதான். "நாளை மாலை" என்பதைக் காப்பாற்ற முடியாத சங்கம் அந்த வரியை எழுதக்கூடாது.

விலையைப் பக்கத்தில் போடாதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். அடியில் திகதியும், சொல்லில் தகராறு வந்தால் முடிவு சொல்பவரின் பெயரும் இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்துச் சோதியுங்கள். ஐந்து பதிவுகளைப் பெயர் இல்லாமல் கலந்து, பதிவே எழுதாத களஞ்சியப் பொறுப்பாளரிடம் கொடுத்து, எதை யார் எழுதினார் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால், எந்தச் சொல் காட்டிக்கொடுத்தது என்று விசாரித்து அதைப் பக்கத்தில் சேருங்கள். இடம் இல்லையென்றால், இப்போது யாரும் தவறவிடாத ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.