படத்துக்குள் ஒரு முகவரி

தோட்டத்துக் குறைகளைப் புனைபெயரில் இணையத்தில் எழுதுவோர் நம்மிடையே உண்டு. பெயரை மறைப்பவர்கள் படத்தை மறந்துவிடுகிறார்கள்.

கைப்பேசியில் இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால், எடுக்கும் படத்தின் கோப்புக்குள்ளேயே நேரமும் இடமும் எழுதப்பட்டுவிடும். இடம் என்றால் ஊர்ப்பெயர் அன்று, பூமிப்படத்தின் அளவு. நம் ஜார்ஜ்டவுன் வட அகலாங்கு 5 பாகை 25 கலையை ஒட்டி இருக்கிறது. ஒரு கலை ஏறக்குறைய 1,850 மீட்டர். அதில் அறுபதில் ஒரு பங்கு 31 மீட்டர். கைப்பேசியோ அதற்கும் நுட்பமாக எழுதுகிறது. லயத்தில் எந்த வீடு என்றே கண்டுகொள்ளலாம்.

2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுக் காவலர் விசாரிக்கத் தேடிய ஜான் மெக்காஃபி தலைமறைவாய் இருந்தார். 'வைஸ்' இதழ் வெளியிட்ட அவரது படத்தில் இந்தக் குறிப்பு நீக்கப்படவில்லை. அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளியாயிற்று. அதே வாரம் அங்கே கைதானார்.

ஆகவே கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுவோம். பழைய படமாயின், அதன் விவரப் பகுதியைத் திறந்து பார்ப்போம். வரைபடம் தெரிந்தால் இடக்குறிப்பு உள்ளது. திரையைப் படம்பிடித்து அதையே அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் குறிப்பு நீங்கும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். படத்தில் தோட்டத்துப் பெயர்ப்பலகை தெரிந்தால் இவை எதுவும் பயன்படா!

இணையத்தளத்தை வாடகைக்கு எடுத்தவர் பெயர், பணம் கட்டிய அட்டை விவரம் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். புனைபெயர் வாசகரிடமிருந்துதான் மறைக்கிறது. நீதிமன்றம் கேட்டால் அந்தப் பதிவேடு திறக்கப்படலாம்.