பதினொன்று புள்ளி இரண்டு: கூடுதலா, குறைவா?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம முதல்ல தேடுறது ஒரு நம்பர். பிலிரூபின் 11.2-ன்னு இருக்கு, பக்கத்துல தடித்த எழுத்துல ஒரு H. நார்மல் அளவு 1.2 வரைக்கும்தான்னு வேற போட்டிருக்கும். பயம் வருமா வராதா?

முதல்ல அந்த H-ஐ ஒதுக்கி வெச்சிடுங்க. பல லேப்களில் அச்சாகும் அந்த 1.2 பெரியவர்களுக்கான அளவு. பிறந்த குழந்தையின் கல்லீரல் இன்னும் முழு வேகத்துக்கு வரவில்லை. சிவப்பணுக்கள் உடைவதில் வரும் மஞ்சள் நிறமியை அது மெதுவாகத்தான் வெளியேற்றும். அதனால் முதல் சில நாட்களில் இந்த அளவு ஏறுவது இயல்பு. நாம கேட்க வேண்டியது, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஏறியிருக்கு என்பதுதான்.

அதுக்காகத்தான் ரிப்போர்ட்டோட ஒரு சார்ட் வருது. கீழே படுக்கைவாட்டில் குழந்தையின் வயது, மணிக்கணக்கில். பக்கவாட்டில் பிலிரூபின், mg/dL-இல். நடுவில் மேல்நோக்கி வளையும் மூன்று கோடுகள். டாக்டர் வினோத் பூட்டானியும் அவரது குழுவும் 1999-இல் அமெரிக்காவில் வெளியிட்ட சார்ட் இது. 35 வாரத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கானது. மேல் கோட்டுக்கு மேலே இருந்தால், அந்த வயதில் நூற்றில் 95 குழந்தைகளை விட அதிகம் என்று அர்த்தம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். குழந்தை பிறந்தது திங்கள் இரவு 10:40. ரத்தம் எடுத்தது புதன் காலை 6:40. ரிப்போர்ட் கைக்கு வந்தது காலை 10 மணிக்கு. வீட்டில் எல்லாரும், "திங்கள், செவ்வாய், புதன், இன்னிக்கு மூணாவது நாள்"னு சொல்வாங்க. மூணு நாள்னா 72 மணி நேரம்னு நினைச்சு சார்ட்டில் பார்த்தா, 11.2 கீழ்க் கோட்டின் பக்கத்தில்தான் வரும். அப்பாடான்னு இருக்கும்.

ஆனா கணக்கை ஒழுங்கா போடுங்க. திங்கள் இரவு 10:40-லிருந்து செவ்வாய் இரவு 10:40 வரை 24 மணி. அங்கிருந்து புதன் காலை 6:40 வரை 8 மணி. மொத்தம் 32. ரிப்போர்ட் வந்த நேரம் கணக்கில் வராது, ரத்தம் எடுத்த நேரம்தான் வரும். 32 மணியில் 11.2 மேல் கோட்டைத் தாண்டி நிற்குது! ஒரே நம்பர், ஒரே குழந்தை. நாளை எண்ணினா நிம்மதி, மணியை எண்ணினா எச்சரிக்கை.

அப்போ உடனே லைட்டில் வைக்கணுமா? அதை இந்த சார்ட் சொல்லாது. ஒளி சிகிச்சைக்கான கோடு தனி. அது குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, ரத்த வகை பொருந்தாமை மாதிரி ஆபத்துக் காரணங்கள் இருக்கா என்பதைப் பொறுத்து மாறும். நம்ம உதாரணக் குழந்தை 38 வாரம் முடிந்து பிறந்தது, வேறு சிக்கல் இல்லைன்னு வெச்சுக்குவோம். அதற்கு 32 மணியில் அந்தக் கோடு ஏறத்தாழ 13 பக்கம் இருக்கும். 11.2 அதைத் தொடவில்லை, ஆனா தூரமும் இல்லை. அதனால டாக்டர் டிஸ்சார்ஜைத் தள்ளிப்போட்டு, அதே நாளில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லலாம்.

மாலை 6:40-க்கு எடுத்ததில் 11.9 வந்ததா வெச்சுக்கோங்க. "ஏறிடுச்சே!"னு தோணும். 12 மணி நேரத்தில் ஏறியது 0.7. மணிக்கு 0.06 கூட முழுசா இல்லை. இப்போ வயது 44 மணி. அந்த வயதில் மேல் கோடு 12-ஐத் தாண்டிப் போயிருக்கும், குழந்தையின் புள்ளி அதுக்குக் கீழே வந்துடுச்சு. நம்பர் கூடியது, நிலைமை தேறியது. மாறாக, முதல் 24 மணிக்குப் பிறகு மணிக்கு 0.2 அல்லது அதற்கு மேல் ஏறினால் அது வேகமான ஏற்றம். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடைகிறதா என்று டாக்டர் தேடுவார்.

இரண்டு விஷயம் கவனிங்க. சார்ட்டில் பார்க்க வேண்டியது டோட்டல் பிலிரூபின். அதிலிருந்து டைரக்ட் பிலிரூபினைக் கழிக்கக் கூடாது. அடுத்து, லைட்டில் வைத்த பிறகு வரும் நம்பரை இந்த மூன்று கோடுகளோடு ஒப்பிடாதீங்க. சிகிச்சை பெறாத குழந்தைகளை வைத்து வரைந்தவை அவை.

பிறந்த முதல் 24 மணிக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, கீச்சுக் குரலில் அழுது உடம்பை வில்லாக வளைத்தாலோ, சார்ட்டை எடுக்காதீங்க, குழந்தையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. மற்ற நேரங்களில், பிறந்த நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் ரிப்போர்ட் மேலேயே பேனாவால் எழுதி வெச்சுக்கோங்க. டாக்டரிடம், "இது எத்தனையாவது மணி, லைட் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கு, அடுத்த டெஸ்ட் எப்போ?"ன்னு இந்த மூணையும் கேளுங்க.