கல்விக் கடன்: விரைந்து அடைப்பதா, முதலில் சேமிப்பதா?



படிப்பை முடித்து முதல் ஊதியம் பெறும் இளைஞர் முன் ஒரு கேள்வி நிற்கிறது. கையில் மிஞ்சும் பணம் முழுவதையும் கல்விக் கடனுக்குச் செலுத்திவிடலாமா, அல்லது ஒரு பகுதியைச் சேமிப்பாக ஒதுக்க வேண்டுமா? விடையைக் கணக்கின் துணையோடு காண்போம்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. ஆயினும் வட்டி நிற்பதில்லை. அக்காலத்தில் தனிவட்டியாகச் சேரும் தொகை, தவணை தொடங்கும் நாளில் அசலோடு கூட்டப்படுகிறது. ஒரு மாணவி நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய் வீதம், 10 சதவிகித வட்டியில் கடன் பெற்றார் எனக் கொள்வோம். வட்டி மானியம் பெறாதவர் அவர். ஐந்தாம் ஆண்டு முடிவில் 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். அவர் பெற்றது 4 லட்சம். அடைக்கத் தொடங்குவதோ 5,40,000 ரூபாய்.

பத்தாண்டுத் தவணையெனில் மாதம் 7,136 ரூபாய் செலுத்த வேண்டும். அதை மட்டுமே கட்டி வந்தால் பத்தாண்டில் வட்டியாக மேலும் சுமார் 3,16,000 ரூபாய் போகும். இவருக்கு வாழ்க்கைச் செலவு போக மாதம் 14,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதை முழுவதும் முதல் மாதத்திலிருந்தே கட்டினால், 47 மாதங்களில் கடன் தீரும். வட்டி 1,14,000 ரூபாயாகக் குறையும். விரைந்து அடைப்பதன் பயன் இதனால் விளங்கும்.

ஆனால் எட்டாம் மாதத்தில் வேலை போய்விட்டால் என்னாகும்? முன்கூட்டிக் கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தராது. அது அசலில் கழிக்கப்பட்டிருந்தால் அடுத்த மாதத் தவணையும் வழக்கம்போல் கேட்கப்படும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. உடன் கையெழுத்திட்ட தந்தை அல்லது தாயின் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். தம்பியின் படிப்புக்கு அவர்கள் நாளை கடன் கேட்கும்போது இக்குறை குறுக்கே நிற்கக்கூடும்.

ஆகவே மூன்றாவது வழி ஒன்றைக் கருதுவோம். முதல் ஆறு மாதம் தவணையை மட்டும் கட்டி, எஞ்சியதை வங்கி வைப்பில் சேர்க்கிறார். சுமார் 41,000 ரூபாய் சேர்கிறது. ஏழாம் மாதம் முதல் 14,000 ரூபாயையும் கடனுக்கே செலுத்துகிறார். கடன் ஏறத்தாழ 51 மாதங்களில் தீர்கிறது. வட்டி 1,33,000 ரூபாய். உடனே அடைப்பதைவிட இது 19,000 ரூபாய் அதிகம். ஆனால் வைப்புத் தொகைக்கு 6 சதவிகிதம் கிடைத்தால் அதே காலத்தில் 10,000 ரூபாய் திரும்பி வருகிறது. எனவே கையிருப்பின் உண்மை விலை, நான்காண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9,000 ரூபாய் மட்டுமே. பத்தாண்டுத் தவணையோடு ஒப்பிட்டால் அப்போதும் 1,83,000 ரூபாய் வட்டி மிச்சமாகிறது.

இக்கையிருப்புக்கும் ஓர் எல்லை உண்டு. பெற்றோரோடு வசிப்பவருக்கு அது ஏறக்குறைய ஆறு தவணைக்கு ஈடு. வெளியூரில் வாடகைக்கு இருப்பவருக்கோ உணவும் வாடகையும் சேர்ந்து இரண்டு மாதங்களில் கரைந்துவிடும். அவர் இன்னும் சில மாதம் சேர்ப்பது நன்று. ஆனால் போதிய கையிருப்பு சேர்ந்த பின்னும் சேமிப்பையே வளர்ப்பது நட்டம். 10 சதவிகிதக் கடனை வைத்துக்கொண்டு 6 சதவிகித வைப்பில் பணம் போடுவது, ஒவ்வொரு லட்சத்துக்கும் ஆண்டுக்கு 4,000 ரூபாயை இழப்பதாகும். கல்விக் கடன் வட்டிக்குரிய வருமான வரிக் கழிவைக் காட்டிக் கடனை நீட்டிக்கச் சொல்வோர் உண்டு. அக்கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தவர்க்கு மட்டுமே, அதுவும் எட்டாண்டுகளுக்கே உரியது. வரியே கட்டாத தொடக்க ஊதியக்காரருக்கு அதனால் பயனில்லை.

கூடுதல் தொகை கட்டும்போது, அதை அசலில் கழித்துத் தவணைக் காலத்தைக் குறைக்குமாறு வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதக் கணக்கு விவரத்தில் வட்டி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறையவில்லையெனில், அத்தொகை வருங்காலத் தவணைக்கான முன்பணமாக வைக்கப்பட்டிருக்கலாம். உடனே கிளையை அணுகித் திருத்துக. கிளை அலுவலர்களும் முதல் தவணை தொடங்குமுன் இந்த இரு வழிகளின் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கடனாளியிடம் கொடுத்தால், பின்னர் எழும் நிலுவைகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.