முப்பதுக்கு எத்தனை, நூற்றுப்பத்துக்கு எத்தனை: இத்தாலிய மதிப்பெண் பட்டியலின் மொழிபெயர்ப்பு

துரின் பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் முதுநிலைப் படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கார் ஆலைகளின் பக்கத்தில் வளர்ந்த பொறியியல் பட்டதாரிக்கு அது பொருத்தமான படிப்பு. அதை முடித்து ஜெர்மனியில் மேலும் படிக்க விண்ணப்பிக்கும்போதுதான் மதிப்பெண் பட்டியலின் சிக்கல் தலைகாட்டுகிறது.

இத்தாலியில் ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண் 30-க்கு. தேர்ச்சிக்கு 18 வேண்டும். முழு மதிப்பெண்ணுக்கும் மேலான சிறப்பு 'லோதே' என்று 30-உடன் குறிக்கப்படும். பட்டத்தின் இறுதி மதிப்பெண் தனி. அது 110-க்கு, தேர்ச்சி 66. சில பாடங்களுக்கு மதிப்பெண்ணே இராது, தேர்ச்சி மட்டும் பதிவாகும். மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் சுழியம் போட்டால் சராசரியே சரிந்துவிடும்.

இரண்டே பாடங்களை எடுத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். 12 கிரெடிட் பாடத்தில் 24, 6 கிரெடிட் பாடத்தில் 30. வெறும் சராசரி 27. கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டான 18-ஆல் வகுத்தால் 26. கணக்கில் கொள்ள வேண்டியது இந்த 26. படிப்பு முழுவதற்கும் இதே சராசரி நின்றால் 110-க்கு 95.3 வரும். ஆய்வேட்டுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் குழு சில மதிப்பெண் கூட்டித் தர, பட்டம் 101-இல் முடிவதாகக் கொள்வோம்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பவேரிய வாய்பாட்டால் இதைத் தங்கள் அளவுக்கு மாற்றுகின்றன. அங்கே 1 சிறந்தது, 4 கடைசித் தேர்ச்சி.

1 + 3 × (30 − 26) ÷ (30 − 18) = 2.0
1 + 3 × (110 − 101) ÷ (110 − 66) = 1.6

ஒரே மாணவருக்கு இரண்டு விடை. எதை எடுப்பது என்பது சேர்க்கை அலுவலகத்தின் முடிவு. மொழிபெயர்ப்பாளர் கணக்குப் போட்டுத் தரக்கூடாது. 26-ஐ 87 சதவீதம் என்று எழுதுவதும் தவறுதான். 50-இல் தேர்ச்சி தரும் நம் ஊர்ச் சதவீதத்தோடு அது ஒப்பாகாது, ஏனென்றால் இத்தாலியத் தேர்ச்சிக் கோடே 60-இல் நிற்கிறது. 26/30, 101/110 என்று உள்ளபடியே எழுதி, உச்சமும் தேர்ச்சி எல்லையும் பக்கத்தில் காட்டினால் போதும்.

அரியர் விஷயத்திலும் கவனம் வேண்டும். இத்தாலியில் தவறிய தேர்வு பொதுவாகப் பட்டியலில் ஏறுவதில்லை. கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் அதை மறுத்துவிட்டுத் திரும்ப எழுதும் வழக்கமும் உண்டு. ஆகவே "அரியர் இல்லை" என்று மொழிபெயர்ப்பில் தாமாகச் சேர்ப்பது மூலத்தில் இல்லாத சான்று.

மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன், பட்ட இணைப்பாவணம் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பல்கலைக்கழகமே இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் தரும் ஆவணம் அது. மதிப்பெண் அளவு பற்றிய விளக்கம் அதன் நான்காம் பகுதியில் இருக்கும். ஆங்கில ஆவணத்தை ஏற்கும் இடத்தில் அதற்குமேல் மொழிபெயர்ப்புச் செலவு தேவைப்படாது.