மனுவைத் திரும்பப் படித்துக் காட்டியவர்



அவர் பெயர் படத்துக்குக் கீழே எழுதப்பட்டிருக்கிறது. இந்த அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வயதில் மூத்தவர்கள்கூட 'அண்ணன்' என்றுதான் சொன்னார்கள். நாங்களும் அப்படியே சொல்கிறோம்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரை நன்றாகத் தெரியாது என்பது எங்களுக்குத் தெரியும். மாடிப்படி ஏறியதும் இடது பக்க மேசை, கயிற்றில் கட்டித் தொங்கும் கண்ணாடி, மேசைக்கு எதிரே எப்போதும் அழுது முடித்த முகத்தோடு யாரோ ஒருவர். அவ்வளவுதான் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கணக்குப் பிரிவுத் தோழர்களுக்கு, பயணச் செலவுக் கணக்கை மூன்று மாதம் தாமதமாகத் தரும் மனிதராகத் தெரிந்திருப்பார். அந்த மேசையில் என்ன வேலை நடந்தது என்பதைச் சொல்வதுதான் அவருக்குச் செய்யும் அஞ்சலி என்று நினைக்கிறோம். இரங்கல் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்வார்களே, 'அமைதியானவர், யாரிடமும் சண்டை போடாதவர்' என்று, அதை நாங்கள் சொல்லப் போவதில்லை. அவர் சண்டை போட்டார். பெரும்பாலும் ஒரு வாக்கியத்துக்காகப் போட்டார்.

அண்ணன் வக்கீல் இல்லை. 20 ஆண்டுகளுக்கு மேல் வன்கொடுமைப் புகார்களுக்கு மனு எழுதியவர். 1989ஆம் ஆண்டு வன்கொடுமை தடுப்புச் சட்டமும் 1995ஆம் ஆண்டு அதன் விதிகளும் அவருக்குப் பாடம். ஆனால் வருகிறவரிடம் அவர் சட்டத்திலிருந்து தொடங்கியதில்லை. 'உக்காரும்மா, மொதல்ல டீ குடி' என்பார். டீ தீரும்வரை பேனாவைத் தொட மாட்டார். அதற்குப் பிறகு கேட்கும் முதல் கேள்வி, 'எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?' என்பதுதான்.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம் என்று சொல்லும் பிரிவு, அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்கிறது. நான்கு சுவருக்குள் மூன்றாம் மனிதர் இல்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு நிற்காது. கேட்டவர்கள் எல்லாம் சொந்தக்காரர்களாக மட்டும் இருந்தாலும் வழக்கு தடுமாறும். ஆகவே எந்த இடம், யார் யார் காதில் விழுந்தது, அவர்களில் உறவல்லாதவர் யார் என்பதை அவர் முதலில் எழுதினார். நிற்காது என்று தெரிந்தால் முகத்துக்கு நேரே சொன்னார், 'இது இந்தப் பிரிவுல நிக்காதும்மா, வேற பிரிவு பார்ப்போம்' என்று. பொய் நம்பிக்கை கொடுத்து அனுப்பியதை நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறோம். அதற்குரிய அம்மா இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். ஊர் பெயரையும் காவல் நிலையத்தின் பெயரையும் விட்டுவிடுகிறோம்.

நூறு நாள் வேலையில் குளம் தூர் வாரும் இடம். கரையில் வைத்திருந்த பானையில் இந்த அம்மா தண்ணீர் மொண்டு குடித்தார். ஊர்த்தெருக்காரர் ஒருவர் பானையை எட்டி உதைத்து, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். வெளியே ஒருவரிடம் பணம் கொடுத்து எழுதிய மனுவோடு அம்மா எங்களிடம் வந்தார். அதில், 'சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டியும் அடித்தும் கொலை மிரட்டல் விடுத்தார்' என்று ஒரே வரி இருந்தது. அந்த வரியைத்தான் அண்ணன் எடுத்துக்கொண்டார்.

முதலில், 'அடிச்சாராம்மா?' என்று கேட்டார். இல்லை, எழுதியவர் சேர்த்துக்கொண்டார் என்றார் அம்மா. அண்ணன் அந்தச் சொல்லை அடித்துவிட்டார். காயம் இல்லை, மருத்துவமனைப் பதிவும் இல்லை. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய்யைப் பிடித்து இழுத்தால், நடந்த உண்மையும் சேர்ந்து சரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

பிறகு, 'என்ன வார்த்தை சொன்னாரு?' என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வார்த்தையை ஓர் ஆணின் முன்னால் திரும்பச் சொல்வது இன்னொரு முறை அதைக் கேட்பது போலத்தான். அண்ணன் எழுந்து போய், எங்களில் ஒரு பெண் தோழரை உட்கார வைத்துவிட்டு வராந்தாவில் நின்றார். சொன்ன சொல் சொன்னபடியே மனுவில் வந்தது. 'இழிவாகத் திட்டினார்' என்பது எழுதியவரின் கருத்து, திட்டியவர் வாயிலிருந்து வந்த சொல்தான் சாட்சியம் என்று அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கூடவே, அம்மா பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், திட்டியவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்ல என்ற விவரத்தையும் எழுதினார். ஊருக்கே தெரிந்ததுதானே என்று அதை விட்ட மனுக்கள், அந்த ஒரு குறையாலேயே அடிபட்டிருக்கின்றன.

அந்த நேரத்தில் கரையில் இருந்தவர்கள் யார் என்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி எங்களுக்கு இன்றும் வியப்பு. நூறு நாள் வேலைக்கு அன்றாட வருகைப் பட்டியல் உண்டு. அன்றைய பட்டியலின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினார். சாட்சிகள் மூன்று பேரின் பெயரும் அதில் இருந்தது. அவர்களில் இருவர் அம்மாவுக்கு உறவில்லை. 'அவர்கள் அங்கே இல்லவே இல்லை' என்று நாளை யாரும் சொல்ல முடியாது.

காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்து, இரண்டு தரப்பையும் பேச வரச் சொன்னார்கள். அண்ணன் அங்கேதான் சண்டை போட்டார். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. அதைச் சத்தமில்லாமல் ஒரு தாளில் எழுதி, மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். நான்காம் நாள் வழக்குப் பதிவானது. ஆனால் ஆபாசப் பேச்சு, மிரட்டல் என்று பொதுச் சட்டப் பிரிவுகள் மட்டும்தான் போட்டிருந்தார்கள். மறுபடி ஒரு தாள், மறுபடி பதிவுத் தபால். வன்கொடுமைப் பிரிவுகள் சேர்ந்தன. நான்கு நாள் தாமதம் ஏன் என்று நீதிமன்றத்தில் கேட்டால் பதில் சொல்ல அந்த மனு ரசீதையும், நிலையத்துக்குப் போய்வந்த பேருந்துச் சீட்டுகளையும் நோட்டில் ஒட்டி வைத்தார். கணக்குப் பிரிவுத் தோழர்களே, சீட்டுகள் உங்களிடம் தாமதமாக வந்ததன் காரணம் இதுதான். நகல் எடுத்த பிறகுதான் கொடுப்பார்.

காவலர் எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. நிலையத்தில் அதைக் கேட்டு வாங்கியவர், தன் மேசையிலும் அதையே செய்தார். எழுதிய ஒவ்வொரு மனுவையும் சத்தமாகத் திரும்பப் படிப்பார். அவருடைய அப்பா பண்ணையில் வேலை செய்தவர். யாரோ நீட்டிய கடன் தாளில், படித்துக் காட்டாமலேயே கைநாட்டு வைத்தவர். இதை ஒரே ஒரு முறைதான் அவர் எங்களிடம் சொன்னார், அதுவும் நாங்கள் அவசரத்தில் ஒரு மனுவைப் படித்துக் காட்டாமல் விடலாமா என்று கேட்டபோது.

இனி அவர் வைத்திருந்த பதிவேட்டைப் பற்றி. இதுபோன்ற வழக்கில் தீருதவித் தொகை ஒரு லட்சம் ரூபாய். முதல் தகவல் அறிக்கையின்போது கால் பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் பாதி, தண்டனை கிடைத்த பிறகு மீதிக் கால் பங்கு. விதியில் ஏழு நாள் என்றிருக்கிறது. நடைமுறையில் கேட்காமல் வருவதில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு கட்டங்கள் வரைந்திருந்தார். ஒன்று வர வேண்டிய தேதி, மற்றது வந்த தேதி. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால், திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வரிசையில் அந்தக் குடும்பத்தோடு அவர் நிற்பார். அந்த அம்மாவுக்கு இரண்டு தவணை வந்துவிட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

கடைசிக் கட்டம் ஒன்று உண்டு. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புத் தர வேண்டும், அவர் சொல்வதையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். 2016 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு அது. அறிவிப்பு சில சமயம் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து சேரும். அதனால் கடைசிக் கட்டத்தில் அந்தக் குடும்பத்தில் யார் எந்த நேரத்தில் போனை எடுப்பார் என்று எழுதியிருந்தார். 'மகள், பள்ளி விட்டு 5 மணிக்கு மேல்' என்பது போல. அவரை நாங்கள் நேசித்ததற்குக் காரணம் கேட்டால் அந்தக் கட்டத்தைக் காட்டுவோம்.

இவ்வளவு செய்தும் பல வழக்குகள் தோற்றன. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். எதிர் வழக்குப் போட்டுச் சமாதானத்துக்கு இழுத்தார்கள். கூலி வேலைக்கு அதே நிலத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில் சிலர் புகாரைத் திரும்பப் பெற்றார்கள். அப்படிப் போனவர்களைப் பற்றி அவர் ஒரு குறைச்சொல் சொன்னதில்லை. பதிவேட்டில் அந்தப் பெயரின் மேல் கோடு போடாமல், ஓரத்தில் 'திரும்ப வரலாம்' என்று எழுதி வைத்தார். அப்படி வந்தவர்களும் உண்டு.

அந்தப் பதிவேடு இப்போது எங்களிடம் இருக்கிறது. அதை இருவர் பொறுப்பில் விட்டிருக்கிறோம். ஒருவர் வராவிட்டாலும் திங்கட்கிழமை வரிசையில் இன்னொருவர் நிற்பார். குளத்து வழக்கு அடுத்த மாதம் சாட்சி விசாரணைக்கு வருகிறது. முந்தின நாள் அந்த மூன்று சாட்சிகளையும் உட்கார வைத்து, அண்ணன் எழுதிய மனுவைச் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறோம். இங்கிருந்து நீதிமன்றத்துக்கு 8 மணிப் பேருந்து. உங்களில் யாருக்கு முடிந்தாலும் எங்களோடு வரலாம், அவரை அதிகம் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை.

இப்போது ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

ஜெய்பீம்.