குறும்படக் கதையைத் தாளில் எழுதும் முறை

இன்றைய உரைக்கு ஒரு தாள், ஒரு பென்சில், ஓர் அளவுகோல் ஆகிய மூன்றையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே ஒரு சிறிய காட்சியை நாம் சேர்ந்து எழுதப்போகிறோம்.

கைபேசியிலேயே படம் பிடிக்க நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். கதையை வாயால் சொல்லச் சொன்னால் அழகாகச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னால் மட்டும் சிறுகதை ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சிறுகதையை ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார். திரைக்கதையையோ பலர், பல வேலைகளுக்காக வாசிப்பார்கள். படம் பிடிப்பவர் எங்கே, எந்த வெளிச்சத்தில் என்று தேடுவார். நடிப்பவர் தம்முடைய பேச்சைத் தேடுவார். பொருள்களைச் சேகரிப்பவர் குவளை வேண்டுமா, கடிதம் வேண்டுமா என்று தேடுவார். தேடுகிற விஷயம் ஒவ்வொருவர் கண்ணிலும் உடனே படவேண்டும். அதற்காகத்தான் திரைக்கதையில் நான்கு வகை வரிகளை வகுத்திருக்கிறார்கள். காட்சித் தலைப்பு, செயல் வரி, வசனம், அடைப்புக் குறிப்பு என்பவை அவை.

முதலில் ஒரு கதையை வைத்துக்கொள்வோம். பொன்னம்மாள் பால்மரம் வெட்டும் தாய். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வருகிறது. இதை ஒருவர் இப்படி எழுதுகிறார்:

“பொன்னம்மாள் காலையில் எழுந்து கோப்பி கலக்கினாள். நேற்று வந்த கடிதத்தில் என்ன இருக்குமோ, இத்தனை வருடம் வாழ்ந்த வீட்டை விட்டுப் போகவேண்டுமோ என்று அவள் மனம் பதறியது. அஞ்சடியில் இருந்த மகள் மலரிடம் கடிதத்தைக் கொடுத்தாள். மலர் வாசித்துவிட்டு, அம்மா வருந்துவாளே என்று உண்மையை மறைத்தாள்.”

கதை நல்ல கதைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு படம் பிடிக்கப் போனவர் முதல் வரியிலேயே தடுமாறுவார். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காட்சித் தலைப்பு மூன்று செய்திகளைச் சொல்லும் ஒரே வரி. வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்பவையே அந்த மூன்று செய்திகள். இடம் மாறினாலும் நேரம் மாறினாலும் புதிய தலைப்பு எழுதவேண்டும். நம் கதையில் பொன்னம்மாள் அடுப்படியில் இருக்கிறாள், பிறகு அஞ்சடிக்கு வருகிறாள். ஒரே வீடுதானே என்று ஒரே தலைப்பில் அடக்கக்கூடாது. அடுப்படி உள்ளே இருக்கிறது, அஞ்சடி வெளியே இருக்கிறது. கேமராவும் விளக்கும் இடம் மாறவேண்டும். ஆகவே இவை இரண்டு காட்சிகள்.

அடுத்து, “காலையில்” என்ற சொல்லைக் கவனியுங்கள். பால்வெட்டுக்குப் புறப்படும் வீட்டில் காலை என்றால் ஐந்து, ஐந்தரை மணி. நம் நாட்டில் அந்த நேரத்தில் வெளியே கும்மிருட்டு. சூரியன் எழ ஏறக்குறைய ஏழு மணி ஆகும். நமக்கு அது காலையாக இருந்தாலும் கேமராவுக்கு அது இரவு. “காலை” என்று எழுதியிருந்தால், குழுவினர் ஒன்பது மணிக்கு வெயிலில் வந்து நிற்பார்கள். தலைப்பில் எழுதும் பொழுது கடிகாரத்தைக் குறிப்பதில்லை, வெளிச்சத்தைக் குறிக்கிறது. ஆகவே இங்கே “இரவு” என்றே எழுதுவோம். விடிவதற்கு முந்திய நேரம் என்பதைச் செயல் வரியில் காட்டிக்கொள்ளலாம்.

இடத்தின் பெயரிலும் ஒரு கட்டுப்பாடு தேவை. முதல் காட்சியில் “அடுப்படி”, ஐந்தாம் காட்சியில் “குசினி”, எட்டாம் காட்சியில் “சமையலறை” என்று எழுதினால், அவை மூன்று இடங்கள் என்று மற்றவர் எண்ணிக்கொள்வார். ஒரே இடத்தில் நடக்கும் காட்சிகளை எல்லாம், கதையில் எங்கே வந்தாலும், சேர்த்து ஒரே நாளில் எடுத்துவிடுவதே வழக்கம். அவற்றைப் பொறுக்கிச் சேர்ப்பதற்கு உதவுவது பெயர் ஒன்றுதான். ஆகவே முதலில் வைத்த பெயரையே கடைசிவரை எழுதுங்கள்.

இனிச் செயல் வரி. கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் மட்டுமே இதில் இடம்பெறும். எப்போதும் நிகழ்காலத்தில் எழுதவேண்டும்: “கலக்கினாள்” என்று எழுதாமல் “கலக்குகிறாள்” என்று எழுதவேண்டும். “மனம் பதறியது” என்பதை எந்தக் கேமராவாலும் பிடிக்க முடியாது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் அப்படித்தான். இவற்றைப் பார்வைக்குரிய செயல்களாக மாற்றவேண்டும். கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறாள் என்று எழுதினால், எழுத்தறியாதவள் என்பது தெரிந்துவிடும். நெடுநாள் வாழ்ந்த வீடு என்பதற்கு என்ன செய்யலாம்? பிள்ளை வளர வளர, கதவு நிலையில் உயரத்தைக் குறித்துவைத்த பென்சில் கோடுகள் பல வீடுகளில் உண்டு. அந்தக் கோடுகளில் கீழே உள்ளதை அவள் விரலால் தொடட்டும். பதற்றம் என்ற சொல்லை எழுதாமலே பார்ப்பவருக்கு அது விளங்கும்.

செயல் வரிகளை நீண்ட பத்தியாக எழுதவேண்டாம். மூன்று அல்லது நான்கு வரிகளுக்கு ஒரு முறை இடம் விடுங்கள். புதிய பாத்திரம் முதலில் தோன்றும் இடத்தில் பெயரையும் வயதையும் குறியுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவோர் தலைப்பையும் இப்பெயர்களையும் பெரிய எழுத்துகளில் எழுதுவார்கள். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. ஆகவே நாம் அவற்றின் கீழே கோடிட்டுக்கொள்வோம். அல்லது தடித்த எழுத்தில் அச்சிடுவோம்.

மூன்றாவதாக வசனம். பேசுபவரின் பெயர் தனி வரியில், தாளின் நடுப்பக்கமாக வரும். அதன் கீழே பேச்சு, இரு புறமும் இடம் விட்டு, குறுகிய பத்தியாக வரும். செயல் வரிகள் எழுத்துத் தமிழில் இருக்கலாம். வசனமோ வீட்டில் பேசுகிறபடியே இருக்கவேண்டும். “என்ன எழுதப்பட்டுள்ளது?” என்று எந்தத் தாயும் மகளைக் கேட்கமாட்டாள்.

நான்காவது அடைப்புக் குறிப்பு. பெயருக்கும் பேச்சுக்கும் இடையில், அடைப்புக்குள், ஓரிரு சொற்களில் எழுதப்படுவது. பிழை மிகுதியாக நேரும் இடம் இதுதான். “கோபமாக”, “சோகமாக”, “சந்தேகத்துடன்” என்று ஒவ்வொரு வசனத்துக்கும் எழுதிவிடுகிறார்கள். வசனமே கோபத்தைச் சொல்லும்போது குறிப்பு எதற்கு? சொல்லுக்கும் அதைச் சொல்லும் விதத்துக்கும் முரண்பாடு இருந்தால் மட்டுமே அது தேவை. எழுந்து நடப்பது, கதவைத் திறப்பது போன்ற பெரிய செயல்களை அடைப்புக்குள் எழுதாமல் தனிச் செயல் வரியாக எழுதவேண்டும்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். தாளின் இடது ஓரத்திலிருந்து அளவுகோலால் அளந்து, ஒன்றரை அங்குலத்தில் ஒரு கோடு போடுங்கள். தலைப்பும் செயல் வரியும் அங்கே தொடங்கும். வசனம் இரண்டரை அங்குலத்திலும், அடைப்புக் குறிப்பு ஏறக்குறைய மூன்று அங்குலத்திலும், பெயர் அதற்கும் சற்றுத் தள்ளி, மூன்றரை அங்குலத்தைத் தாண்டியும் தொடங்கும்.

உள். பொன்னம்மாள் வீட்டு அடுப்படி – இரவு

விளக்கு எரிகிறது. சன்னலுக்கு வெளியே இருட்டு. சேவல் கூவும் ஓசை. பொன்னம்மாள் (50), பால்வெட்டு உடையில், கோப்பி கலக்குகிறாள்.

அரிசி டின்னுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுக்கிறாள். தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறாள்.

கதவு நிலையில் பென்சில் கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கீழ்க்கோட்டை விரலால் தொடுகிறாள்.

வெளி. பொன்னம்மாள் வீட்டு அஞ்சடி – இரவு

விளக்கின் கீழ் மலர் (17), பள்ளிச் சீருடையில், காலணிக் கயிற்றைக் கட்டுகிறாள். பொன்னம்மாள் கடிதத்தை நீட்டுகிறாள். மலர் வாசிக்கிறாள். காலணிக் கயிறு அவிழ்ந்தபடியே கிடக்கிறது.

                    பொன்னம்மாள்
          என்னாடி எழுதியிருக்கு?

மலர் தாளை நான்காக மடிக்கிறாள்.

                    மலர்
               (சிரித்தபடி)
          ஒன்னும் இல்லம்மா. கரண்டு பில்லு.

பொன்னம்மாள் மடித்த தாளையே பார்க்கிறாள்.

                    பொன்னம்மாள்
          கரண்டு பில்லு சின்னதால்ல இருக்கும்.

இதில் ஒரே ஓர் அடைப்புக் குறிப்புதான் இருக்கிறது. மலர் பொய் சொல்கிறாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நடிப்பவர் அந்த வரியைச் சலிப்பாகவும் சொல்லலாம், அழுகையாகவும் சொல்லலாம். ஆகவே குறிப்பு வேண்டியிருக்கிறது. தாயின் கடைசி வரிக்கு “சந்தேகத்துடன்” என்று எழுதத் தோன்றும். எழுதவேண்டாம். அந்தச் சொற்களுக்குள்ளேயே சந்தேகம் இருக்கிறது. எழுத்து தெரியாதவளுக்குத் தாளின் அளவு தெரியும். அவள் ஏமாறவில்லை என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒரு பக்கம் திரைக்கதை ஒரு நிமிடப் படம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது ஆங்கிலத்தில், குறிப்பிட்ட எழுத்தளவில், தட்டச்சு செய்த தாளுக்கு ஏற்பட்ட உத்தேசக் கணக்கு. தமிழில் கையால் எழுதிய தாளுக்கு அதை நம்பவேண்டாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வசனங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். செயல் வரிகளுக்கு உண்மையாகவே எழுந்து நடந்து பாருங்கள். மேலே எழுதிய காட்சிகளில் பேச்சு மொத்தமே சில விநாடிகள்தான்; ஆனால் கோப்பி கலக்குவதற்கும், கோட்டைத் தொடுவதற்கும், மலர் வாசித்து முடிப்பதற்கும் நேரம் பிடிக்கும். செய்து பார்த்தால்தான் சரியான நீளம் தெரியும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். வசனங்களைக் கையால் மறைத்துவிட்டு, செயல் வரிகளை மட்டும் வீட்டில் இன்னொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் “இதை எப்படிப் படத்தில் காட்டுவது?” என்று அவர் கேட்கட்டும். உங்களால் கைநீட்டிக் காட்ட முடியாத வரி எதுவோ, அதுவே திருத்தி எழுதவேண்டிய வரி. அந்த வரிகளை எல்லாம் திருத்திய பிறகு தாளைப் படம் பிடிப்பவரிடம் கொடுங்கள்.